பேரேடு போனது, சிட்டை இருந்தது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு ஐந்து வருடமாக நான்தான் பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு நாள், அந்தக் கடையின் வாடிக்கையாளர் டேபிளை என் கையாலேயே அழித்துவிட்டேன். மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் திரும்பி வந்தது, ஒரு கிராம் கணக்குகூட விட்டுப்போகவில்லை. ஆனாலும் அந்த நாள் என்னை விட்டுப் போகவில்லை. காலையில் போனில் நான் சொன்ன ஒரு வரியும், மாலையில் நேரில் போய்ச் சொன்ன விளக்கமும் ஒன்றாகவே இல்லை. அந்த இரண்டையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று இருந்தது.

கொலுசு வியாபாரத்தில் பாக்கி இரண்டு விதமாக நிற்கும். கூலிப் பாக்கி ரூபாயில், வெள்ளிப் பாக்கி கிராமில். வெளியூர்க் கடைக்காரர் அறுநூறு கிராம் கொலுசு எடுத்துப் போனால் அவர் பேரில் வெள்ளியாகவே கடன் ஏறும். பிறகு வெள்ளியாகவே கொண்டுவந்து கழிப்பார். விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும், ஆனால் கிராம் மாறாது. அந்தக் கிராம் கணக்கு முழுவதும் `customers` என்ற டேபிளில் இருந்தது. பெயர், போன் நம்பர், ஜிஎஸ்டி எண் எல்லாம் அதில்தான். பில்கள் வேறு டேபிளில் இருப்பதால் பாக்கியை அவற்றிலிருந்து கூட்டி எடுத்துவிடலாமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். முடியாது. கம்ப்யூட்டருக்கு மாறிய அன்று பழைய காகிதப் பேரேட்டிலிருந்து ஏற்றிய ஆரம்பப் பாக்கி இந்த டேபிளில் மட்டும்தான் இருந்தது.

## மறுத்ததை மீறினேன்

அன்று என் மேசையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று சோதனை சர்வர், இன்னொன்று கடையின் உண்மையான சர்வர். இரண்டிலும் டேட்டாபேஸின் பெயர் ஒன்றே. இரண்டிலும் `mysql>` என்ற ஒரே அடையாளம்தான் தெரியும். சோதனை சர்வரில் வாடிக்கையாளர் டேபிளை அழித்துவிட்டுப் புதிய வடிவில் உருவாக்க வேண்டியிருந்தது. 11.42 மணிக்கு `DROP TABLE customers;` என்று அடித்தேன். இப்படி ஒரு பதில் வந்தது:

```
ERROR 3730 (HY000): Cannot drop table 'customers' referenced by
a foreign key constraint 'fk_bills_customer' on table 'bills'.
```

'பில்கள் இந்த டேபிளை நம்பி நிற்கின்றன, அதனால் அழிக்க மாட்டேன்' என்கிறது அது. டேட்டாபேஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தது. சோதனை சர்வரில்தானே இருக்கிறோம் என்ற நினைப்பில் `SET FOREIGN_KEY_CHECKS=0;` என்று அந்தக் காவலை நீக்கிவிட்டு, அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். இந்த முறை ஏற்றுக்கொண்டது. எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

நாலு நிமிடத்தில் கடையிலிருந்து போன். பில் போடுவது கடைக்காரரின் மருமகள். "அண்ணா, பில்லே போட முடியலைங்க. customers doesn't exist-னு வருதுங்க" என்றார். கை சில்லிட்டுப் போனது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் சாதாரண வரிகளை மாற்றினால், உறுதி செய்வதற்கு முன் திரும்பப் பெற வழி உண்டு. `DROP TABLE` அப்படி இல்லை. கொடுத்த கணத்திலேயே அது உறுதியாகிவிடும், டேபிள் இருந்த கோப்பும் வட்டிலிருந்து போய்விடும். குப்பைத்தொட்டி என்று ஒன்று கிடையாது.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சர்வர்ல சின்னப் பிரச்சினைம்மா, பாத்துட்டு இருக்கேன்." சர்வரில் எந்தப் பிரச்சினையும் இல்லை. பிரச்சினை என்னிடம் இருந்தது.

## நகல் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்

முதல் வேலையாக மென்பொருளை நிறுத்தி, 'பராமரிப்பு நடக்கிறது' என்ற பக்கத்தைப் போட்டேன். மணி 11.51. இடையில் ஒன்பது நிமிடம் போயிருந்தது. அதில் கடையில் மூன்று பில் போடப் பார்த்து, மூன்றும் பிழை காட்டி நின்றிருக்கின்றன. வாடிக்கையாளர் இல்லாமல் பில் ஏறாது என்பதால் தப்பான கணக்கு எதுவும் உள்ளே போகவில்லை. மருமகளிடம் அந்த மூன்றையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்து, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தினமும் ஒரு முழு பேக்கப் எடுத்து இன்னொரு இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தேன். அன்றையது காலை 7.30 மணிக்கு எடுத்தது. அதற்குப் பின் 11.42 வரை நடந்தவை அதில் இல்லை. நான்கு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். தீபாவளி நேரம் என்பதால் அதற்குள் 29 பில் போட்டிருந்தார்கள், நான்கு புது வாடிக்கையாளர்களைச் சேர்த்திருந்தார்கள். பேக்கப்பை அப்படியே ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒரு கணக்கைக் காட்டிச் சொல்கிறேன். வெளியூர்க் கடை ஒன்றுக்குக் காலையில் 1,240 கிராம் பாக்கி. 10.15-க்கு அவர்கள் 600 கிராம் எடுத்தார்கள், ஆக 1,840. பேக்கப்பில் இருப்பது 1,240. டேபிள் திரும்பி வந்திருக்கும், எல்லாம் சரியாகத் தெரியும், 600 கிராம் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். அந்த நான்கு புது வாடிக்கையாளர்களின் பில்கள் ஆளில்லாத எண்ணைச் சுட்டிக்கொண்டு நிற்கும். காவலை நீக்கிய நிலையில் டேபிளை ஏற்றினால் இதற்கு எந்தப் பிழையும் வராது. பிறகு காவலைத் திரும்பப் போட்டாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது சரிபார்க்காது. இது பலருக்குத் தெரியாத இடம்.

என்னைக் காப்பாற்றியது பைனரி லாக். டேட்டாபேஸில் எந்த மாற்றம் நடந்தாலும் அதை வரிசையாக, நடந்தபடியே ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும் பதிவு அது. மைஎஸ்கியூஎல் 8.0-இல் நாம் எதுவும் செய்யாமலே அது எழுதப்படும். மாற்றாவிட்டால் 30 நாள் வரை இருக்கும். ஒவ்வொரு பேக்கப் எடுக்கும்போதும் புதிய லாக் கோப்பு தொடங்கும்படி வைத்திருந்தேன். ஆகவே 7.30-லிருந்து நடந்தது எல்லாம் `binlog.000412` என்ற ஒரே கோப்பில் இருந்தது.

பேக்கப்பையும் லாக்கையும் முதலில் என் மடிக்கணினிக்கு நகல் எடுத்தேன். கடையின் சர்வரில் எதையும் மாற்றவில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பழுதான இடத்திலேயே மீட்கத் தொடங்குவார்கள். முதல் முயற்சி தவறினால், மீட்க வைத்திருந்த பொருளும் கெட்டுப்போகும். மடிக்கணினியில் தனியாக ஒரு டேட்டாபேஸ் தொடங்கி பேக்கப்பை ஏற்றினேன். 1,846 வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அடுத்து லாக்கை அதன்மேல் ஓட்ட வேண்டும்.

இங்கே இன்னொரு தவறு செய்தேன். 11.41 வரை நடந்ததை மட்டும் எடுத்துக் கொடு என்று, நேரத்தை வைத்துக் கேட்டேன். அந்தக் கட்டளையை சர்வரில் ஓட்டினேன். சர்வரின் கடிகாரமோ உலகப் பொது நேரத்தில் இருந்தது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நான் டேபிளை அழித்த நேரம் அதன் கணக்கில் காலை 6.12. நான் சொன்ன 11.41 அதற்கு இன்னும் வராத நேரம். அதனால் லாக்கில் இருந்த அனைத்தையும் அள்ளிக் கொடுத்தது, நான் கொடுத்த `DROP TABLE` உட்பட. மடிக்கணினியில் ஓட்டினேன். 29 பில்களும் ஏறின, நான்கு புதிய பெயர்களும் ஏறின, கடைசி வரியில் டேபிள் மறுபடியும் அழிந்தது. என் தவறும் அந்தப் பதிவில் ஒரு வரிதான். மற்ற வரிகளைச் செய்தது போலவே அதையும் உண்மையாகச் செய்து காட்டியது. நகலில் செய்ததால் இழந்தது அரை மணி நேரம் மட்டுமே.

இரண்டாவது முறை நேரத்தை நம்பவில்லை. லாக்கைப் படிக்கும்படியான எழுத்தாக மாற்றி, `DROP TABLE` எங்கே இருக்கிறது என்று தேடினேன். லாக்கில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் இட எண் உண்டு. அழிப்பு தொடங்கும் இட எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று முன் நிற்கச் சொன்னேன்:

```
mysqlbinlog --start-position=157 --stop-position=8841127 \
  binlog.000412 > kaalai.sql
```

ஒரே நொடிக்குள் இரண்டு பில்கள் விழலாம், நேரத்தை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. இட எண் அப்படிக் குழப்பாது. பேக்கப்பை மறுபடி புதிதாக ஏற்றி, இதை ஓட்டினேன். 1,850 பேர். அந்த வெளியூர்க் கடையைத் தேடிப் பார்த்தேன்: 1,840 கிராம். கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுக்கொண்டேன்.

பிறகு அந்த ஒரு டேபிளை மட்டும் எடுத்து, கடையின் சர்வரில் ஏற்றினேன். ஆளில்லாத பில் ஏதாவது இருக்கிறதா என்று இப்படிக் கேட்டேன்:

```sql
SELECT b.id FROM bills b
LEFT JOIN customers c ON c.id = b.customer_id
WHERE c.id IS NULL;
```

ஒரு வரிகூட வரவில்லை. அன்று எடுத்த 29 பில்களையும் ஒவ்வொன்றாக வாடிக்கையாளர் பாக்கியோடு ஒப்பிட்டேன். இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பேக்கப்பை ஏற்றும் வேலை ஒரு நிமிடம்கூட இல்லை. 2.40 மணிக்குக் கடையில் பில் போடத் தொடங்கினார்கள்.

## மாலையில் சொன்னது

அத்துடன் விட்டிருக்கலாம். 'சர்வர் பிரச்சினை சரியாகிவிட்டது' என்று சொல்லியிருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் காலையில் சொன்ன அந்த வரி வயிற்றில் கனத்துக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்து ரோடு பகுதியிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டரில் கை வைக்க மாட்டார். ஆனால் கணக்கு என்றால் மனிதர் அசைய மாட்டார். போகும் வழியெல்லாம் 'டேட்டாபேஸ்', 'லாக்' என்று எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன். அவர் முன்னால் உட்கார்ந்ததும், கல்லாவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த அவருடைய அப்பா காலத்துப் பேரேடுகள் கண்ணில் பட்டன. அவருக்கு வேண்டிய சொற்கள் அவரிடமே இருந்தன.

"ஐயா, காலைல சர்வர் பிரச்சினைன்னு சொன்னேன். அது உண்மை இல்லைங்க. நான் தப்பா ஒரு கட்டளை குடுத்துட்டேன். உங்க வாடிக்கையாளர் பேரேடு மொத்தமும் அழிஞ்சிருச்சு."

அவர் ஒன்றும் பேசவில்லை. நான் தொடர்ந்தேன். தினமும் காலையில் உங்கள் பேரேட்டை அப்படியே ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்கிறோம், அதுதான் பேக்கப் என்றேன். இன்று காலை ஏழரைக்கு எடுத்த நகல் இருந்தது. ஆனால் ஏழரைக்குப் பின் போட்ட 29 பில் அந்த நகலில் ஏறவில்லை. நல்லவேளையாக, கம்ப்யூட்டர் நாள் முழுவதும் ஒரு சிட்டையும் எழுதிக்கொண்டே இருக்கிறது. யார் எவ்வளவு எடுத்தார்கள், யார் புதிதாக வந்தார்கள் என்று நடந்த வரிசையில் அதில் இருக்கும். நகல் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சிட்டையைப் பார்த்து வரி வரியாகப் பதிந்தேன். நான் பேரேட்டை அழித்ததும் அந்தச் சிட்டையில் ஒரு வரியாக இருந்தது, அந்த வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

இதை அவர் புரிந்துகொண்ட வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் பதிவது அவர் நாற்பது வருடம் கையால் செய்த வேலை. ஒரு கணக்கைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார், அதே வெளியூர்க் கடைதான். 1,840 என்றேன். தன் சட்டைப்பை நோட்டைப் புரட்டிப் பார்த்து, "சரி" என்றார்.

அப்புறம் கேட்டார்: "நம்ம ஆளுங்க போன் நம்பரு, பாக்கியெல்லாம் வெளிய யார் கைக்காவது போச்சா தம்பி?"

அழிந்தது வேறு, களவு போவது வேறு. வெளியார் யாரும் உள்ளே வரவில்லை என்றேன். ஆனால் மீட்பதற்காக ஒரு முழு நகல் என் மடிக்கணினிக்கு வந்தது, அது இன்னும் அங்கே இருக்கிறது, நாளை எல்லாம் ஒருமுறை சரிபார்த்ததும் அழித்துவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். இதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய கணக்கு எங்கெங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

அடுத்த கேள்விதான் என்னை நிறுத்தியது.

"அந்தச் சிட்டை எங்க இருக்குது?"

"அதே சர்வர்லதாங்க ஐயா."

"பேரேடும் சிட்டையும் ஒரே பெட்டியிலயா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "எங்கப்பா காலத்துல பேரேடு கடையில இருக்கும். சிட்டை ராத்திரி பையில வீட்டுக்குப் போயிரும். கடை தீப்புடிச்சாலும் ஒண்ணு மிஞ்சும்னு."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்று அழிந்தது ஒரு டேபிள் மட்டும் என்பதால் லாக் தப்பியது. சர்வரின் வட்டே கெட்டுப்போயிருந்தால் லாக்கும் சேர்ந்து போயிருக்கும். காலை ஏழரை நகல் மட்டும் மிஞ்சும். அப்படி வட்டு மாலை ஏழு மணிக்குக் கெட்டிருந்தால் ஒரு நாள் வியாபாரம் முழுவதும் போயிருக்கும். ஐந்து வருடமாக நான் அவரிடம் சொல்லி வந்தது 'தினமும் பேக்கப் எடுக்கிறோம்' என்பதுதான். அவர் அதை 'எதுவும் போகாது' என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் வரை போகலாம் என்பதுதான் அதன் உண்மையான அர்த்தம். அந்த அர்த்தத்தை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதை அப்போதே சொன்னேன். இப்போதைய ஏற்பாட்டில் வட்டு கெட்டால் ஒரு முழு நாள் கணக்கு போகும். சிட்டையை எழுத எழுதவே வேறு ஊரில் இருக்கும் இன்னொரு சர்வருக்கு நகல் போகும்படி செய்யலாம். அப்படிச் செய்தால் போவது சில நொடிக் கணக்காகச் சுருங்கும். அந்தச் சர்வருக்கு மாத வாடகை ஆகும். வாடகையை யார் தருவது என்று இழுபறியே வரவில்லை. "அதை மொதல்லயே சொல்லியிருந்தா மொதல்லயே குடுத்திருப்பனே" என்றார். இன்றுவரை எனக்கு உறுத்துவது இந்த வாக்கியம்தான்.

அன்று இரவே நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி அவருக்குக் கொடுத்தேன். என்ன அழிந்தது, யார் அழித்தார்கள், எது எதிலிருந்து மீண்டது, கடை எவ்வளவு நேரம் நின்றது, கையால் எழுதிய மூன்று பில்கள் எப்போது ஏறின, இனி என்ன மாறும். பேரேடு, சிட்டை என்ற சொற்களிலேயே எழுதினேன். 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற சொல்லை எழுதிவிட்டு அடித்தேன். அதன் இடத்தில் 'நான்' என்று எழுதினேன்.

மாற்றியவை பெரிதாக ஒன்றும் இல்லை. சர்வரின் பெயர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தெரியும்படி செய்தேன். சோதனை டேட்டாபேஸுக்கு வேறு பெயர் வைத்தேன். அன்றாடம் நான் நுழையும் கணக்கிலிருந்து டேபிளை அழிக்கும் அனுமதியை எடுத்துவிட்டேன். அழிக்க வேண்டியிருந்தால் வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லோடுதான் நுழைய வேண்டும். லாக் இப்போது எழுத எழுத வெளியூர் சர்வருக்குப் போகிறது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பையும் லாக்கையும் தனி இடத்தில் ஏற்றிப் பார்க்கிறேன். ஏற்றியதும் கடைக்காரருக்குப் போன் செய்வேன். அவர் ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பெயரைச் சொல்வார். நான் மீட்ட டேட்டாபேஸிலிருந்து கிராம் கணக்கைச் சொல்வேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரம் காத்திருப்பேன்.